42 மணி நேரப் பாடம், 2.6 டிபி டேட்டா: ஓர் ஆரி வகுப்பின் வீடியோ கணக்கு

கும்பகோணத்தில் ஆரி வேலைப்பாடு சொல்லித்தரும் அக்கா ஒருவருக்கு நான் இணையதள வேலைகளைப் பார்த்துக் கொடுக்கிறேன். மூன்று மாத ஆன்லைன் வகுப்பு. மொத்தம் 84 பாடங்கள், கூட்டிப் பார்த்தால் 42 மணி நேர வீடியோ. வாரத்துக்கு ஏழு பாடங்கள் திறக்கும். நேரலை கிடையாது, எல்லாம் முன்பே பதிவு செய்தவை. முதல் அணியில் 240 பேர் சேர்ந்தார்கள். பெரும்பாலும் டெல்டா மாவட்டங்கள், சென்னை, கோவை. துபாய், மஸ்கட் பக்கம் ஒரு இருபத்தைந்து பேர். சிங்கப்பூர், மலேசியாவில் சிலர்.

வீடியோக்களை வைக்க அக்கா ஏற்கெனவே ஒரு நிறுவனத்தில் ஆண்டுத் திட்டம் வாங்கியிருந்தார். அதன் விவரத்தில் பெரிய எழுத்தில் இருந்தது 100 மணி நேரச் சேமிப்பு. "நம்மகிட்ட 42 மணி நேரம்தானே இருக்கு, பாதிகூட ஆகலையே தம்பி" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். மாதம் 1 டிபி பேண்ட்வித், அதாவது பார்ப்பவர்களுக்கு வெளியே போகும் டேட்டா 1,000 ஜிபி வரை என்று கீழே சின்னதாக இருந்த வரியை இரண்டு பேருமே படித்தோம், ஆனால் அது எவ்வளவு என்று யோசிக்கவில்லை.

முதல் மாதம் 22ஆம் தேதி மின்னஞ்சல் வந்தது. வரம்பைத் தாண்டிவிட்டீர்கள், அடுத்த திட்டத்துக்கு மாறுங்கள், இல்லையென்றால் வீடியோக்கள் நிறுத்தப்படலாம். அடுத்த திட்டத்தின் விலை இப்போதையதைப் போல பல மடங்கு. மாத முடிவில் டாஷ்போர்டு காட்டிய மொத்தம் 2.6 டிபி.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2022 மார்ச்சில் விமியோ என்ற வீடியோ தளத்தில் இதே விவகாரம் செய்தியானது. ரசிகர்கள் பணம் கொடுத்து ஆதரிக்கும் பேட்ரியான் தளம் வழியாக ஆதரவாளர்களுக்கு வீடியோ கொடுத்துவந்த படைப்பாளிகளிடம் திடீரென்று பெரிய தொகை கேட்கப்பட்டது. அதற்குப் பிறகு அந்த நிறுவனம் மாதத்துக்கு 2 டிபி என்ற எல்லையை வெளிப்படையாகச் சொன்னது. சேமிப்பை முன்னால் காட்டி விற்பதும், ஓட்டத்தை வைத்து வசூலிப்பதும் இந்தத் தொழிலில் வழக்கம்தான்.

2.6 டிபி எங்கே போனது

திட்டம் மாற்றுவதற்கு முன் அளவு சரிதானா என்று பார்க்க நினைத்தேன். அதற்கு இரண்டு எண்கள் வேண்டும்: மாணவர்கள் உண்மையில் எத்தனை மணி நேரம் பார்த்தார்கள், ஒரு மணி நேரம் பார்த்தால் எவ்வளவு டேட்டா போகிறது.

முதல் எண் டாஷ்போர்டிலேயே இருந்தது. அந்த மாதப் பார்வை நேரம் 1,920 மணி, அதாவது தலைக்கு 8 மணி. அந்த மாதம் திறந்த பாடங்கள் 14 மணி நேரம். பாதிப்பேர் பாதியில் நின்றுவிடுவார்கள் என்பதால் தலைக்கு 8 மணிகூட வந்திருக்கக் கூடாது. ஆனால் ஆரி வகுப்பில் ஒன்று உண்டு. சங்கிலித் தையலின் முதல் பாடம் 14 நிமிடம். ஊசியைத் துணிக்கு அடியிலிருந்து எப்படித் திருப்பி எடுக்க வேண்டும் என்று அதில்தான் வருகிறது. கை பழகும்வரை அதையே ஐந்து, ஆறு முறை ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். வரலாறு, பொதுஅறிவு மாதிரி ஒரு முறை கேட்டுவிட்டு நகரும் பாடமல்ல இது. கைத்தொழில் பாடங்களுக்குச் சேமிப்பு சிறிது, ஓட்டம் பெரிது.

இரண்டாவது எண்ணை நானே அளந்தேன். பிரவுசரில் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, Network பக்கத்தில் ஒரு பாடத்தைப் பத்து நிமிடம் ஓடவிட்டேன். மொத்தம் இறங்கியது 165 எம்பி. அதாவது நொடிக்கு 2.2 மெகாபிட்; இந்த வேகத்தைத்தான் பிட்ரேட் என்கிறார்கள். ஒரு மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 0.45 ஜிபி ஆகும். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும், மீதியெல்லாம் பெருக்கல்தான். 2.2 மெகாபிட்டுக்குக் கிட்டத்தட்ட 1 ஜிபி.

அப்படியானால் 1,920 மணி நேரத்துக்கு 1.9 டிபி ஆகியிருக்க வேண்டும். ஆனதோ 2.6. மணிக்கு 1.35 ஜிபி. யாரும் பார்க்காத 700 ஜிபி எங்கோ ஓடியிருக்கிறது.

முதலில் யாரோ திருடி டவுன்லோடு செய்கிறார்கள் என்றுதான் சந்தேகப்பட்டேன். அப்புறம் எந்தப் பாடத்தையும் ஓட்டாமல் வாரப் பக்கத்தை மட்டும் திறந்து அதே Network பக்கத்தைப் பார்த்தேன். 58 எம்பி இறங்கியிருந்தது. விஷயம் எளிது. ஒரு வாரத்தின் ஏழு பாடங்களையும் ஒரே பக்கத்தில் ஏழு பிளேயராக வைத்திருந்தோம். ஒவ்வொரு பிளேயரும் யாரும் தொடும் முன்பே முதல் முப்பது நொடியை இழுத்து வைத்துக்கொள்கிறது. முப்பது நொடிக்கு 8 எம்பி சொச்சம், ஏழு பிளேயருக்கு 58. ஒரு மாணவி நாளைக்கு இரண்டு தடவைக்குச் சற்றுக் குறைவாகப் பக்கத்தைத் திறக்கிறார் என்று வைத்தால் மாதத்தில் 50 முறை; 240 பேருக்கு 12,000 முறை. பெருக்கினால் 693 ஜிபி. காணாமல் போன 700 ஜிபி கிடைத்துவிட்டது. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி பார்த்துவிட்டுத் திரும்பினாலே சில போன்களில் பக்கம் மறுபடி லோடு ஆகும் என்பதால் 50 முறை என்பது ஒன்றும் அதிகமில்லை.

பழியை நிறுவனத்தின் மேல் முழுவதும் போட முடியாது என்று அப்போது புரிந்தது. கால்வாசி டேட்டா என்னுடைய பக்க அமைப்பால் வீணானது.

நிமிடத்துக்கா, ஜிபிக்கா

அடுத்து எங்கே போவது என்ற கேள்வி. படிப்பு வீடியோ வைப்பவர்களுக்குக் கிடைக்கும் விலைமுறைகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒரு வகை நிமிடத்தை எண்ணும்: எத்தனை நிமிடம் வைத்திருக்கிறீர்கள், எத்தனை நிமிடம் பார்க்கப்பட்டது. இன்னொன்று ஜிபியை எண்ணும்: எவ்வளவு இடம், எவ்வளவு டேட்டா வெளியே போனது. இரண்டிலும் ஒவ்வொரு நிறுவனத்தை எடுத்து எங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தோம். விலைகள் நாங்கள் கணக்குப் போட்டபோது பட்டியலில் இருந்தவை, மாறக்கூடியவைதான்.

நிமிட வகைக்குக் கிளவுட்ஃப்ளேர் ஸ்ட்ரீம். 1,000 நிமிடம் வைத்திருக்க மாதம் 5 டாலர், 1,000 நிமிடம் பார்க்கப்பட்டால் 1 டாலர். 42 மணி என்பது 2,520 நிமிடம். ஆயிரம் ஆயிரமாகத்தான் வாங்க முடியும் என்பதால் 15 டாலர். பார்வை 1,920 மணி, அதாவது 1,15,200 நிமிடம், 115 டாலர். மொத்தம் 130. வீடியோவின் தரம் எதுவாக இருந்தாலும் விலை ஒன்றுதான். ஆனால் பிளேயர் முன்கூட்டியே இழுத்து வைக்கும் பகுதியும் பார்வை நிமிடத்தில் சேரும். எங்கள் ஏழு பிளேயர் பக்கத்தோடு போயிருந்தால் அந்த வீண் செலவும் கூடவே வந்திருக்கும்.

ஜிபி வகைக்குப் பன்னி ஸ்ட்ரீம். சேமிப்புக்கு ஓர் இடத்தில் ஜிபிக்கு 1 சென்ட். வெளியே போகும் டேட்டாவுக்குப் பார்வையாளர் எங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்து விலை: ஐரோப்பா, வட அமெரிக்காவுக்கு 1 சென்ட், ஆசியாவுக்கு 3 சென்ட், மத்திய கிழக்கு மற்றும் ஆப்பிரிக்காவுக்கு 6 சென்ட். நம் ஆட்கள் இந்தியாவிலும் வளைகுடாவிலும் இருப்பதால், விளம்பரத்தில் வரும் மலிவான 1 சென்ட் நமக்கு இல்லை. தமிழில் வகுப்பு நடத்துபவர்கள் இந்த வரியைக் கவனிக்க வேண்டும். துபாயில் உட்கார்ந்து பார்ப்பவர் தஞ்சாவூரில் பார்ப்பவரைப் போல இரண்டு மடங்கு செலவு வைப்பார்.

இரண்டில் எது மலிவு என்பதை ஒரே எண்ணில் பிடிக்கலாம். நிமிடக் கணக்கில் ஒரு மணி நேரப் பார்வைக்கு 6 சென்ட். ஆசியாவில் ஜிபிக்கு 3 சென்ட் என்றால், மணிக்கு 2 ஜிபி வரை ஓடினாலும் ஜிபிக் கணக்கே மலிவு. 2 ஜிபி என்பது நொடிக்கு 4.4 மெகாபிட், நல்ல 1080பி தரம். அதற்கு மேல் போனால்தான் நிமிடக் கணக்கு வெல்லும். வளைகுடாவுக்கு அந்தக் கோடு 1 ஜிபியிலேயே வந்துவிடுகிறது, அதாவது 2.2 மெகாபிட். எங்கள் பழைய பிட்ரேட் சரியாக அந்தக் கோட்டின் மேல் நின்றது.

அப்புறம் ஒரு முக்கியமான வித்தியாசம். நிமிடக் கணக்கில் வீடியோவைச் சுருக்கினால் உங்களுக்கு எந்த லாபமும் இல்லை, லாபமெல்லாம் மாணவரின் டேட்டா பேக்குக்குத்தான். ஜிபிக் கணக்கில் சுருக்கிய ஒவ்வொரு மெகாபிட்டும் உங்கள் பில்லில் குறையும். பிட்ரேட், கோடெக் என்று தலையைப் பிய்த்துக்கொள்ள விரும்பாதவருக்கு நிமிடக் கணக்கு நிம்மதி; அதில் அடுத்த மாத பில்லை மாணவர் எண்ணிக்கையை வைத்தே சொல்லிவிடலாம். எனக்கு உட்கார்ந்து நோண்டப் பொறுமை இருந்தது, அதனால் ஜிபிப் பக்கம் போனோம்.

எல்லோருக்கும் இதே விடை வராது. போட்டித்தேர்வு வகுப்பு நடத்தும் ஒரு நண்பரிடம் பழைய ஆண்டுகளின் பாடங்கள் 300 மணி நேரம் கிடக்கின்றன. பார்ப்பவர்கள் 40 பேர். அவருக்கு நிமிடக் கணக்கில் சேமிப்பே 18,000 நிமிடம், மாதம் 90 டாலர், யாரும் பார்க்காவிட்டாலும். அவர் போன்றவருக்குத்தான் சேமிப்பு மணி என்பது உண்மையான செலவு. அவர் முதலில் செய்ய வேண்டியது பழையதை இறக்கி ஹார்டு டிஸ்கில் வைப்பது.

சுருக்கியபோது ஜரிகை கரைந்தது

மாறியதும் முதலில் நான் செய்த தவறு இது. அக்காவின் மூல வீடியோக்களை வீட்டிலேயே நன்றாகச் சுருக்கி ஏற்றினேன். பில் குறையும் என்று எதிர்பார்த்தேன். பத்து நிமிடச் சோதனையில் எண் அசையவே இல்லை. காரணம், நாம் என்ன கொடுத்தாலும் அவர்கள் தங்கள் அளவுகளில் மறுபடி என்கோடு செய்கிறார்கள்: 360பி, 480பி, 720பி, 1080பி என்று. மாணவருக்குப் போவது அந்தப் பிரதிகள்தான், நம் கோப்பு அல்ல. ஏற்கெனவே சுருக்கியதை மறுபடி சுருக்கியதால் தரம்தான் கெட்டது. ஆகவே மூலத்தை நல்ல தரத்தில் ஏற்றிவிட்டு, அங்கே வீடியோக்களை வைக்கும் தொகுப்பான லைப்ரரியின் என்கோடிங் அமைப்பில் ஒவ்வொரு தெளிவுக்கும் பிட்ரேட்டைக் குறைத்தேன். 1080பிக்கு 1.6 மெகாபிட், 720பிக்கு 1. இந்த மாற்றம் ஏற்கெனவே ஏற்றியவற்றைத் தொடாது. மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது.

ஆரி வீடியோவுக்கு இவ்வளவு குறைக்கலாம் என்று நினைத்ததற்குக் காரணம் உண்டு. கேமரா மேலே அசையாமல் இருக்கிறது, ஸ்டாண்டில் துணி அசையாமல் இருக்கிறது, நகர்வது ஒரு கை மட்டும். மாறாத பகுதிக்கு என்கோடர் அதிகம் செலவழிப்பதில்லை. பெரும்பாலான பாடங்கள் 1.6லேயே சுத்தமாக இருந்தன. மணி கோர்ப்பதும், குந்தன் ஒட்டுவதும்கூட.

ஜர்தோசிப் பாடங்களைப் பார்த்துவிட்டு அக்கா போன் செய்தார். "தம்பி, ஜரிகைச் சுருள் எங்க முடியுது, எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல. எல்லாம் மஞ்சள் கூழா இருக்கு." அவர் சொன்னது சரி. ஜரிகை விளக்கொளியில் ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேறு வேறு இடத்தில் மின்னும். படம் அசையாவிட்டாலும் ஒளி அசைகிறது, அது என்கோடருக்குப் புதிய விவரம். பிட் போதாமல் அந்தப் பகுதியைத் தேய்த்துவிடுகிறது. ஊசி எந்தச் சுருளுக்குள் போகிறது என்று பார்க்கத்தான் மாணவி அந்தப் பாடத்துக்கு வருகிறார், அதுவே தெரியாவிட்டால் என்ன பயன்.

பிட்ரேட் ஒவ்வொரு வீடியோவுக்கும் தனியாக வைக்க முடியாது, லைப்ரரி முழுமைக்கும் ஒன்றுதான். எனவே இரண்டாவது லைப்ரரி ஒன்று உருவாக்கி, 9 ஜர்தோசிப் பாடங்களை மட்டும் 1080பிக்கு 3 மெகாபிட் என்று அதில் ஏற்றினேன். அக்காவும் அடுத்த பதிவிலிருந்து விளக்கை நேராகப் போடாமல் வெள்ளைத் துணி வழியாகப் போட்டார். மின்னல் குறைந்தது, ஜரிகை தெளிந்தது. என் அமைப்பு மாற்றத்தைவிட அந்தத் துணி அதிகம் செய்தது என்று சொல்ல வேண்டும்.

பூட்டுகள்

பழைய இடத்தில் பாதுகாப்பு என்று இருந்தது பட்டியலில் வராத இணைப்பு மட்டும். இணைப்பு தெரிந்தவர் யாரும் பார்க்கலாம். யூடியூபின் அன்லிஸ்டெட் வீடியோவும் இதே ரகம்தான். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அனுப்பினால் அவ்வளவுதான். முதல் அணி முடிவதற்குள் டெலிகிராமில் 199 ரூபாய்க்கு எங்கள் வகுப்பு விற்பனைக்கு வந்துவிட்டது. அக்காவின் கட்டணம் 4,500.

புதிய இடத்தில் முதலில் போட்டது டொமைன் பூட்டு. எங்கள் தளத்தின் பக்கத்தில் வைத்தால் மட்டுமே பிளேயர் திறக்கும். இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் அதன் பலவீனமும் தெரியும். பிரவுசர் தன் கோரிக்கையோடு, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறேன் என்று `Referer` என்ற வரியை அனுப்புகிறது. சர்வர் அதைப் படித்து முடிவு செய்கிறது. வாசலில் காவலாளி எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டு, சொன்னதை நம்புவது போலத்தான். இப்படிப் பொய் சொல்ல ஒரு வரி போதும்:

```
curl -e "https://example.com/" "வீடியோ முகவரி"
```

எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. தளத்தின் பாதுகாப்புக்கு என்று யாராவது `Referrer-Policy: no-referrer` என்று போட்டிருந்தால் அந்த வரியே போகாது. காசு கட்டிய மாணவருக்கே கதவு மூடும். ஆகவே டொமைன் பூட்டு, யாரோ நம் வீடியோவைத் தன் தளத்தில் ஒட்டுவதைத் தடுக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

உண்மையான பூட்டு காலாவதியாகும் டோக்கன். நம் சர்வரில் மட்டும் இருக்கும் ரகசியச் சாவி, வீடியோவின் எண், காலாவதி நேரம் மூன்றையும் சேர்த்து ஹாஷ் என்ற, திரும்பப் பிரிக்க முடியாத ஒரு குறியீடாக்கி முகவரியில் ஒட்டுகிறோம். சாவி இல்லாமல் அதை யாரும் உருவாக்க முடியாது. நேரத்தை மாற்றினால் ஹாஷ் பொருந்தாது.

```php
$expires = time() + 4 * 3600;
$token = hash('sha256', $key . $videoId . $expires);
$url = "https://iframe.mediadelivery.net/embed/"
     . "$lib/$videoId?token=$token&expires=$expires";
```

எழுதுவது நான்கு வரி. அது கொடுத்த தலைவலி மூன்று நாள். முதலில் காலாவதியைப் பத்து நிமிடம் என்று கறாராக வைத்தேன். அதே வாரம்தான் அந்த ஏழு பிளேயர் பிரச்சினையையும் சரி செய்திருந்தேன்: படம் மட்டும் காட்டி, தொட்டால்தான் பிளேயர் லோடு ஆகும்படி. இரண்டும் மோதிக்கொண்டன. மாணவி பக்கத்தைத் திறக்கிறார், ஸ்டாண்டில் துணியை இழுத்துக் கட்டுகிறார், நூல் கோர்க்கிறார், இருபது நிமிடம் கழித்துப் பாடத்தைத் தொடுகிறார். பக்கம் திறந்தபோது உருவான டோக்கன் அதற்குள் செத்துவிட்டது. திரையில் அனுமதி இல்லை என்று சொல்லும் 403. தொட்ட பிறகு சர்வரிடம் புதிய டோக்கன் கேட்பதுதான் முறையான வழி. அதைச் செய்யும்வரை நான்கு மணி நேரமாக நீட்டினேன். பிறகும் நான்கிலேயே விட்டுவிட்டேன், அதனால் பெரிய இழப்பு எதுவும் தெரியவில்லை.

அடுத்தது அதைவிட மோசம். ஒரு திங்கட்கிழமை காலை எல்லோருக்கும் 403. தளத்தில் வேகத்துக்காகப் போட்டிருந்த கேஷ் பிளக்இன், ஞாயிறு இரவு யாரோ திறந்த பாடப் பக்கத்தை அப்படியே சேமித்து, அதே பழைய டோக்கனோடு காலையில் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தது. லாகின் செய்தவர்களுக்குக் கேஷ் கூடாது என்ற தேர்வை நான் போடவில்லை. அன்று 403 வந்தது நல்லதாயிற்று. அடுத்து நான் போடவிருந்தது மாணவரின் அடையாளம் திரையில் மிதக்கும் வாட்டர்மார்க். அதையும் கேஷ் பிடித்திருந்தால் ஒருவரின் போன் எண் 240 பேர் திரையில் ஓடியிருக்கும். அதன் பிறகு முழு எண்ணைப் போடும் எண்ணத்தையே விட்டேன். மாணவர் எண்ணும், போனின் கடைசி நான்கு இலக்கமும் போதும். எங்களுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

வாட்டர்மார்க்கிலும் ஒரு ஓட்டை இருந்தது. எழுத்தைப் பிளேயருக்கு மேல் ஓர் அடுக்காக மிதக்கவிட்டிருந்தேன். பிளேயரின் முழுத்திரை பட்டனை அழுத்தினால் பிளேயர் உட்கார்ந்திருக்கும் ஐஃப்ரேம் என்ற சட்டம் மட்டும் முழுத்திரைக்குப் போகும். மேலே மிதந்த எழுத்து கீழேயே தங்கிவிடும். ரெக்கார்டு செய்பவர் முழுத்திரையில்தானே செய்வார். ஐஃப்ரேமிலிருந்து முழுத்திரை அனுமதியை எடுத்துவிட்டு, வெளியே உள்ள பெட்டியையே பெரிதாக்கும் பட்டன் ஒன்றை நாங்களே வைத்தோம். ஐபோன் சஃபாரியில் அது ஒத்துழைக்கவில்லை. அங்கே பெட்டியைத் திரையளவுக்கு விரிப்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

வீடியோவைப் பூட்டி, அனுமதி உள்ள கருவியில் மட்டும் திறக்கும் டிஆர்எம் வேண்டாமா என்று அக்கா கேட்டார், யாரோ சொல்லியிருக்கிறார்கள். கூகுளின் வைட்வைன், ஆப்பிளின் ஃபேர்பிளே இரண்டும் சேர்ந்தால்தான் எல்லாக் கருவிகளையும் ஓரளவு மூடும். வன்பொருள் பாதுகாப்புள்ள ஆண்ட்ராய்டு போனில் திரையை ரெக்கார்டு செய்தால் கருப்பாக வரும், அது உண்மையான பலன். ஆனால் விண்டோஸ் கம்ப்யூட்டரில் குரோம் பெரும்பாலும் மென்பொருள் அளவிலான வைட்வைனையே பயன்படுத்துகிறது, அங்கே ரெக்கார்டர்கள் படம் பிடித்துவிடுகின்றன. இன்னொரு போனை எதிரே வைத்துப் பிடிப்பதை எதுவும் தடுக்காது. இதற்கு மாதாமாதம் தனிக் கட்டணம். எங்கள் மொத்த பில்லைவிட அதிகம். பல ஆயிரம் மாணவர்கள் இருக்கும் இடத்துக்கு அது கட்டுப்படியாகும். 240 பேருக்கு நான் வேண்டாம் என்றேன்.

பதிலாகச் செய்தது மிகச் சாதாரணமானது: ஒரு கணக்குக்கு இரண்டு கருவிகள் மட்டும். மூன்றாவது கருவியில் நுழைந்தால் முதலாவது வெளியேறும். போட்ட முதல் வாரத்தில் ஒரு கணக்கு மட்டும் நாற்பதுக்கு மேல் முறை வெளியேற்றப்பட்டிருந்தது. தஞ்சாவூர், சேலம், பெங்களூரு என்று வெவ்வேறு ஊர்கள். ஒரே பாஸ்வேர்டைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தியிருக்கிறார்கள். அக்கா அவரிடம் பேசினார். சித்தி மகளுக்குக் கொடுத்தேன், அவள் யாருக்குக் கொடுத்தாள் என்று தெரியாது என்றாராம். டெலிகிராமில் வந்த பழைய பதிவில் வாட்டர்மார்க் இல்லாததால் அது இந்தக் கணக்கிலிருந்துதான் போனதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. புதிய பாடங்கள் எதுவும் அந்தச் சேனலில் இதுவரை வரவில்லை.

இரண்டாவது மாதம்

புதிய இடத்தில் முழு மாதம் ஓடிய பிறகு பார்வை நேரம் 2,050 மணி. முதல் மாதத்தைவிடக் கொஞ்சம் கூட. வெளியே போன டேட்டா 1,230 ஜிபி. மணிக்கு 0.6. அதில் 1,090 ஜிபி ஆசியா, 32.70 டாலர், 140 ஜிபி வளைகுடா, 8.40 டாலர். சேமிப்பு எல்லாப் பிரதிகளும் மூலமும் சேர்த்து 90 ஜிபி, இரண்டு இடங்களில், 1.80 டாலர். மொத்தம் 43 டாலருக்குள். இதையே நிமிடக் கணக்கில் போட்டால் 138 ஆகியிருக்கும்.

இங்கே பணத்தை முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும், அதிலிருந்து கழியும். இருப்பு தீர்ந்தால் வீடியோ நிற்கும். அக்காவின் கார்டில் தானியங்கி நிரப்பல் ஒருமுறை தோற்றதால் குறைந்தது இரண்டு மாதத் தொகை எப்போதும் இருக்கும்படி வைத்திருக்கிறோம். பழைய ஆண்டுத் திட்டத்தில் கட்டிய பணம் திரும்ப வரவில்லை. அது முடியும்வரை இலவச அறிமுக வீடியோக்களை அங்கேயே ஓடவிடுகிறோம்; அவற்றுக்கு 1 டிபி தாராளம்.

தை மாத அணிக்கு 400 பேர் வரலாம் என்கிறார் அக்கா. திங்கட்கிழமைதோறும் டாஷ்போர்டில் டேட்டாவைப் பார்வை நேரத்தால் வகுத்து ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். போன வாரம் 0.61. அது 0.7ஐத் தாண்டினால் முதலில் பக்கத்தைத் திறந்து Network பார்ப்பேன்.